கன்னி மண் என்று நான் சொன்ன இடம்

எங்கள் ஊரில் எந்த மூலையில் என்ன மண் கிடக்கிறது என்பதை என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தற்பெருமை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்தவன் நான். செங்கல் சூளையில் தலையில் மண் கூடை சுமந்தேன். பிறகு பாரவண்டி ஓட்டினேன். பிறகு ஒரு பழைய டிராக்டர். இன்றைக்கு என் வாசலில் மூன்று ஜேசிபியும் ஒரு ரோலரும் ஏழு டிப்பர் லாரியும் நிற்கின்றன. எல்லாம் மண் கொடுத்தது. கையில் ஒரு பிடி எடுத்துக் கசக்கினால் இது வண்டலா, சவுடா, களியா, எந்த வாய்க்கால் பக்கத்து மண் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அதனால்தான் ஊருக்கு வடக்கே இருந்த நகராட்சிக் குப்பை மேட்டை மூடுகிற வேலை என் கைக்கு வந்தபோது எனக்கு அது பெரிய காரியமாகவே தோன்றவில்லை. மேட்டின் மேல் நாலு அடி மண்ணைப் போட்டு ரோலரை ஓட்டினால் முடிந்தது என்று நினைத்தேன். நான் நினைத்ததில் எது சரி, எது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. அந்தத் தப்பைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த மேட்டில் ஐம்பது வருஷத்துக் குப்பை. மழை பெய்தால் அடியிலிருந்து கறுப்புச் சாறு வடிந்து வாய்க்காலில் கலக்கும். அந்தத் தண்ணீரில் நட்ட நாற்று சிவந்துபோகும். கோடையில் தானாகத் தீப்பிடித்துப் பத்து நாள் புகையும். சில ஊர்களில் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து இடத்தையே காலி செய்கிறார்கள். எங்கள் மேட்டில் அது பாதிதான் ஒத்து வந்தது. மிச்சத்தை ஒரே குவியலாக்கி மூடிவிடுவது என்று முடிவானது.

வேலையைப் பார்க்க நகராட்சியிலிருந்து வந்தவர் ஒரு பெண் உதவிப் பொறியாளர். நன்னிலம் பக்கத்துப் பெண். முப்பது வயதுதான் இருக்கும். வந்த முதல் நாளே நான் கொண்டுவந்து இறக்கிய பன்னிரண்டு லோடு களிமண்ணைத் திருப்பி அனுப்பினார்.

"ஐயா, இந்த மண்ணு ஆகாது. மணல் கலந்திருக்கு. சோதனைல தண்ணி இறங்குது."

"அம்மா, இது குளத்துக் களி. இதுல வரப்பு போட்டா ஒரு சொட்டு தாண்டாது. நான் பிறந்ததுலேர்ந்து மண்ணுல கெடக்குறவன்."

"வரப்பு ஒரு போகம் நின்னா போதுங்கய்யா. இது நீங்களும் நானும் போன பிறகும் நிக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் திருப்பி அனுப்பிய குவியல் ஒரு வாரம் வெயிலில் கிடந்து நண்டு வளை போல வெடித்திருந்ததை நானே பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு வேறு குளத்தில் களி எடுத்தேன்.

மூடுவது என்றால் என்ன என்று அந்தப் பெண்ணிடம்தான் கற்றுக்கொண்டேன். ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. முதலில் குவியலின் சரிவைச் சாய்வாக இழைத்தோம். செங்குத்தாக விட்டால் ஒரு மழையில் சரிந்துவிடும். அதன் மேல் ஜல்லிப் படுகை. உள்ளே கிளம்புகிற வாயு அந்த ஜல்லிக்குள் ஓடித் திரண்டு, அங்கங்கே நட்டு வைத்த குழாய்கள் வழியே வெளியேற வேண்டும். மழை உள்ளே விழாதபடி குழாய்களின் தலை கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஜல்லிக்கு மேல் இரண்டடி களி. மொத்தமாகக் கொட்டக்கூடாது. அரையடி கொட்டி, ஈரம் காட்டி, ரோலர் ஓட்டி, மறுபடி அரையடி. களிக்கு மேல் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு, ஓரத்தோடு ஓரம் சூடு வைத்து ஒட்டியது. அதற்கு மேல் தண்ணீர் வடிய மணல். கடைசியில் ஒன்றரை அடி மேல்மண், அதில் புல். சுற்றிலும் மழைத் தண்ணீர் ஓட ஒரு வடிகால். அடியில் கசிகிற சாற்றைப் பிடிக்கத் தனியாக ஒரு தொட்டி. அந்தச் சாற்றை லாரியில் எடுத்துப் போய்ச் சுத்திகரிக்க வேண்டும்.

"புல்லு மட்டும் ஏம்மா? நாலு வேம்பு, நாலு புங்கன் வைப்போம். நெழலா இருக்கும்" என்றேன்.

"வேர் கீழ போய் விரிப்பைக் குத்தும்யா. காத்துல மரம் சாஞ்சா விரிப்பையும் பேத்துக்கிட்டு வரும்."

"சரி. ஒரு கல்யாண மண்டபம்?"

அவர் சிரித்துவிட்டார். "குப்பை உள்ளுக்குள்ள அமுங்கிக்கிட்டே இருக்கும். ஒரு பக்கம் ஒரு சாண், இன்னொரு பக்கம் ஒரு முழம். சுவரு நிக்காது. அஸ்திவாரம் தோண்டினா மூடினதெல்லாம் கிழிஞ்சுடும். எல்லாத்துக்கும் மேல, வாயு ஏறி வந்து மூடின ரூமுக்குள்ள தங்கும். யாராவது ஒரு தீக்குச்சி கிழிச்சா போதும்."

"அப்ப எதுக்குத்தான் ஆகும் இந்த எடம்?"

"நடக்கப் பாதை போடலாம். புல்லு மேல பசங்க பட்டம் விடலாம். பூமியில குழி தோண்டாம, கான்கிரீட் கட்டை மேல சோலார் தகடு வைக்கலாம். பதினஞ்சு வருஷம் பார்த்துக்கிட்டே இருக்கணும். அதுக்கப்புறமும் வாயு, சாறு, மண்ணோட பலம் எல்லாம் சோதிச்சு சரின்னு வந்தாத்தான் வேற பேச்சு."

பதினைந்து வருஷம்! எனக்கு அப்போதே அறுபத்தெட்டு.

என் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் வார்டு அங்கன்வாடி ஒரு வாடகை ஓட்டுக் கட்டிடத்தில் நடந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு குழந்தைகள். மழை வந்தால் அங்கன்வாடி டீச்சர் குழந்தைகளை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்த்திக்கொண்டே இருப்பார். வார்டு கூட்டத்தில் அந்த டீச்சர் எழுந்து கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். "என் சொந்தச் செலவுல நான் கட்டித் தரேன். என் அம்மா பேருல. எடத்தை மட்டும் காட்டுங்க" என்றேன். கைதட்டல் அடங்க நேரமானது.

இடத்தையும் நானேதான் காட்டினேன். மேட்டுக்கு வடக்கே, கம்பி வேலிக்கு வெளியே, ரோட்டை ஒட்டிப் பன்னிரண்டு சென்ட் சமதரை. புறம்போக்கு. வருவாய்த் துறை வரைபடத்தில் வெறும் மேய்ச்சல் தரை. அதில் பள்ளமும் இல்லை, குட்டையும் இல்லை.

வரைபடத்தில்தான் இல்லை. என் தலைக்குள் இருந்தது. என் அம்மா கல் சுமந்த சூளை அங்கேதான் இருந்தது. சூளைக்கு மண் எடுத்து எடுத்துப் பன்னிரண்டடி ஆழத்துக்கு ஒரு பள்ளம். சூளை மூடிய பிறகு அந்தப் பள்ளத்தை நிரப்பியவன் நான். எதைக் கொண்டு? நகராட்சிக் குப்பையைக் கொண்டு. என் பழைய டிராக்டரின் முதல் பெரிய வேலையே அதுதான். நாலு மாதம் குப்பை கொட்டினேன். மேலே இரண்டடி வண்டல் போட்டு மட்டமாக்கினேன். அடுத்த மழைக்கு அருகம்புல் முளைத்துவிட்டது. ஊரே மறந்துவிட்டது.

பொறியாளரம்மா அந்த இடத்துக்கு வந்து நின்று என்னைக் கேட்டார்.

"வேலிக்கு வெளியதான் இருக்கு. ஆனா மேட்டுக்கு ரொம்பப் பக்கம். அடியில இயற்கையான மண்ணா இருந்தா யோசிக்கலாம். இங்க எப்பவாவது குப்பை கொட்டியிருக்காங்களாய்யா? ஊர்ல உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?"

அந்தக் கடைசி வார்த்தையில் விழுந்தேன். மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "இது கன்னி மண்ணும்மா. மண்வெட்டி படாத எடம்."

"மூணு எடத்துல தோண்டிப் பார்த்துடலாமா?"

"தாராளமா."

எங்கே தோண்டுவது என்று என் கையால் காட்டினேன். தெற்கு ஓரத்தில் ஒன்று, ரோட்டோரம் இரண்டு. பள்ளத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்று எனக்கு அடி அளவு சுத்தமாகத் தெரியும். மூன்று குழியும் அந்த விளிம்புக்கு வெளியே விழுந்தன. பளபளவென்று மஞ்சள் களி வந்தது. அவர் கையில் எடுத்துக் கசக்கிப் பார்த்து, தலையை ஆட்டி, குறிப்பில் எழுதிக்கொண்டார். அந்தப் பக்கம் வாயு பார்க்கிற கண்காணிப்புக் குழாய் ஒன்று போடுவதாக இருந்தார். இயற்கை மண்தானே என்று அதைக் கடைசிக்குத் தள்ளினார்.

பொய் சொன்னேன் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. இதை யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புரியும். எங்கள் கொல்லையில் எருக்குழி உண்டு. சாணி, வைக்கோல், சாம்பல், வீட்டுக் குப்பை எல்லாம் அதற்குள் போகும். வருஷம் திரும்பினால் கறுப்பாக, உதிரியாக, வாசனைகூட இல்லாமல் எருவாகிவிடும். அள்ளி வயலுக்கு அடிப்போம். ஒரு வருஷத்தில் எருக்குழி மக்குகிறது என்றால், நாற்பது வருஷத்துக்கு முந்தைய குப்பை இன்னுமா குப்பையாக இருக்கும்? மண்ணாகிப் போயிருக்கும். மண்ணைப் பற்றி எனக்கா தெரியாது?

ஆவணி மாதத்தில் ஒரு நல்ல நாளில் பூமி பூஜை என்று முடிவானது. என் அம்மாவின் பெயர் வெட்டிய கருங்கல் பலகைகூட வந்து இறங்கிவிட்டது. முதல் நாள் மத்தியானம் என் மேஸ்திரி ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், ஒன்றரையடிக்குக் குழி எடுத்தார். சாயங்காலம் மேகம் கட்டியது. குழிக்குள் தண்ணீர் நின்றால் பூஜை நாறிவிடும். தகரம் ஒன்றைப் போட்டு மூடச் சொன்னேன்.

"தார்ப்பாயும் போட்டுடலாமா முதலாளி?" என்றார் மேஸ்திரி.

"தார்ப்பாய் மட்டும் பத்தாதுடா. தள்ளு, நான் காட்டுறேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். தகரத்தின் மேல் தார்ப்பாய். தார்ப்பாயின் நாலு ஓரத்திலும் களிமண்ணைக் குழைத்து, மடையடைப்பது போல வரப்பு கட்டினேன். ஒரு சொட்டு உள்ளே போகாது. "இதுக்குத்தான் அனுபவம் வேணுங்கிறது" என்று மேஸ்திரியின் முதுகில் தட்டினேன்.

அன்று இரவு நல்ல மழை. காலை ஆறரைக்கெல்லாம் நான் போய்விட்டேன். மழை விட்டிருந்தது. தார்ப்பாய் நனைந்து பளபளத்தது. வரப்பு ஒரு விரல்கூடக் கரையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒவ்வொருவராக வந்தார்கள். கவுன்சிலரம்மா, அவர் கணவர், அங்கன்வாடி டீச்சர், பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து பெண்கள். குருக்கள் சைக்கிளில் வந்தார். பொறியாளரம்மா வேறொரு வேலைத்தலத்தைப் பார்த்துவிட்டு எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். முகூர்த்தம் ஏழரைக்குள்.

"அண்ணே, கல்வெட்டுல என் பேரும் வருமா?" என்று கவுன்சிலரம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்.

"கடைசி வரியில சின்ன எழுத்துல போட்டிருக்கேன்மா. கண்ணாடி போட்டுத்தான் படிக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். குருக்கள் ஐந்து செங்கல்லுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். நவதானியம், பால், தேங்காய், வெற்றிலை எல்லாம் தயார். வாழை இலையில் பிள்ளையார் பிடித்து வைத்தாயிற்று. குழந்தைகள் குழிக்கு அருகே வந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். தாய்மார்கள் இழுத்து இழுத்துப் பிடித்தார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். குழிக்கு நாலடி தள்ளி, மழைத் தண்ணீர் தேங்கிய ஒரு சிறு பள்ளம். அதில் குமிழி வந்துகொண்டிருந்தது. ஒன்று, பிறகு இரண்டு, பிறகு வரிசையாக ஏழெட்டு. நண்டாக இருக்கும் என்று நினைத்தேன். நண்டு விடுகிற குமிழி விட்டுவிட்டு வரும். இது விடாமல், ஒரே இடத்திலிருந்து, உலை கொதிக்கிற மாதிரி வந்தது. தண்ணீரோ ஜில்லென்று கிடந்தது. அதைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு அருகம்புல் கருகியிருந்தது. போன மாதம் பச்சையாக இருந்த புல்.

இந்தக் குமிழியை நான் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்திருக்கிறேன். மேட்டை மூடுவதற்கு முன் மழை நாளில் அங்கே இப்படித்தான் கொதிக்கும். பொறியாளரம்மா அதைக் காட்டி, "பீடி குடிக்கிறவங்க எல்லாம் அந்தப் பக்கம் போங்க" என்று என் ஆட்களை விரட்டியிருக்கிறார்.

மேட்டைப் பார்த்தேன். நான் மூடிய மேடு. களி, விரிப்பு, புல். முன்பெல்லாம் மேல் முழுக்கத் திறந்து கிடந்தது, வாயு போகிற போக்கில் போய்க்கொண்டிருந்தது. இப்போது மேலே வழி இல்லை. குழாய்கள் இருக்கின்றன, ஆனால் எல்லாமே குழாய்க்குத்தான் போகும் என்று என்ன நிச்சயம்? பக்கத்திலேயே லேசான, பொலபொலவென்ற ஒரு வழி இருந்தால்? அந்த வழியை யார் கொட்டி வைத்தது?

குழியைப் பார்த்தேன். தகரம், தார்ப்பாய், சுற்றிலும் என் கையால் அடைத்த வரப்பு. ஒரு சொட்டு உள்ளே போகாது. உள்ளே இருக்கிற எதுவும் வெளியே வரவும் வராது. ஒரு ராத்திரி முழுக்க.

குருக்கள் தட்டில் கற்பூரத்தை வைத்து ஏற்றினார். "திறங்கோ, மொதல்ல குழிக்கு ஆரத்தி காட்டிடறேன்" என்றார். மேஸ்திரி குனிந்து தார்ப்பாயின் ஓரத்தில் கை வைத்தார். குருக்கள் அவருக்குப் பின்னால் இரண்டடியில் கற்பூரத்தோடு நின்றார். டீச்சர் ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு மூச்சு நேரம் நான் பேசவில்லை. ஒன்றும் ஆகாது என்று ஒரு மனசு சொன்னது. இத்தனை பேருக்கு முன்னால் வாயைத் திறந்தால் கன்னி மண் என்று சொன்ன வாய் என்ன ஆகும் என்று இன்னொரு மனசு கேட்டது. கல்வெட்டு வைக்கோல் மேல் சாய்ந்து கிடந்தது. அதில் அம்மாவின் பெயர் வெயிலில் தெரிந்தது.

"கற்பூரத்தை அணைங்க!"

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. குருக்கள் திகைத்துப் பார்த்தார். "என்னது? ஏத்தின கற்பூரத்தை அணைக்கறதா? அபசகுனமா என்ன பேச்சு இது?"

"சாமி, கால்ல விழறேன். ரோட்டுக்குப் போங்க. தட்டோட அந்தப் பக்கம் போங்க. டேய், கையை எடு! தகரத்தைத் தூக்காத! புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு எல்லாரும் ரோட்டுக்கு நடங்க!"

யாரும் நகரவில்லை. பெரியவருக்குச் சாமி வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். ஒரு பெண் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டாள். கவுன்சிலரம்மாவின் கணவர் என் தோளைப் பிடித்தார். "என்னண்ணே ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. இந்தக் குழிக்கு அடியில குப்பை இருக்கு. கொட்டினவன் நான்தான். போதுமா? போங்க இப்ப."

டீச்சர்தான் முதலில் புரிந்துகொண்டார். இரண்டு குழந்தைகளை இரண்டு கையில் வாரிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினார். அவர் ஓடியதைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். குருக்கள் ரோட்டோரத்தில் போய் நின்று, கற்பூரம் தானாக எரிந்து அடங்கும் வரை தட்டைக் கையிலேயே வைத்திருந்தார். அந்த நேரத்திலும் அவர் அதை ஊதி அணைக்கவில்லை.

பொறியாளரம்மா கால் மணி நேரத்தில் வந்தார். என் முகத்தைப் பார்த்தார். குமிழி வந்த பள்ளத்தைக் காட்டினேன். பையிலிருந்து வாயு பார்க்கிற மீட்டரை எடுத்தார். எல்லோருடைய செல்போனையும் அணைக்கச் சொன்னார். வரப்பில் பேனாக் கனத்துக்கு ஒரு துளை போட்டு, தகரத்துக்கு அடியில் மெல்லிய குழாயை நுழைத்தார். இரண்டு நொடிகூட ஆகவில்லை. மீட்டர் வீல் வீலென்று அலறியது. ரோட்டில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. இடுப்புக் குழந்தை ஒன்று பயந்து அழ ஆரம்பித்தது.

அவர் குழாயை உருவினார். வரப்பை ஒரு பக்கம் மெதுவாக உடைக்கச் சொன்னார். காற்று உள்ளே போய் வந்து மீட்டர் அடங்கும் வரை நாங்கள் இருவரும் காற்று வரும் பக்கமாகத் தள்ளி நின்றோம்.

"கன்னி மண்ணுன்னு சொன்னீங்களே ஐயா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மக்கிப் போயிருக்கும்னு நெனச்சேன்மா. எருக்குழி மாதிரி."

"எருக்குழி மூடி வச்சா மக்குமா? காத்து போகணும், கிளறி விடணும். நீங்க மேல ரெண்டடி வண்டலை அடிச்சுப் பூட்டிட்டீங்க. காத்தில்லாத எடத்துல அது வேற மாதிரி அழுகும்." மேட்டின் பக்கம் கையைக் காட்டினார். "இதுல பாதி உங்க பள்ளத்து வாயு இல்லைய்யா. மேட்டோட வாயு. மேல நல்லா மூடினோம்ல, அது பக்கவாட்டுல வழி தேடியிருக்கு. உங்க பள்ளம் அதுக்கு வாசல் மாதிரி. இந்தப் பக்கம் குழாய் போட்டிருந்தா போன மாசமே காட்டியிருக்கும். போடாம விட்டது என் தப்பு."

"உன் தப்பு இல்லம்மா."

"எழுதி வச்சது நான். கையெழுத்து என்னோடது" என்றார் அவர்.

மத்தியானம், காற்று நன்றாக அடிக்கிற நேரத்தில், தண்ணீரைத் தெளித்துக்கொண்டே ஜேசிபி கொண்டு ஒரு இடத்தில் தோண்டிப் பார்த்தோம். இரண்டடி வண்டல் போனதும் வந்தது. ரப்பர் செருப்பு, சைக்கிள் டயர், சேலைக் கிழிசல், குளுக்கோஸ் பாட்டில். ஒரு செய்தித்தாள் கட்டு வந்தது. அதை விரித்தால் எழுத்துகூடப் படிக்க முடிந்தது. நாற்பது வருஷம். மண்ணைப் பற்றி எனக்கா தெரியாது என்று கேட்டவன் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அங்கன்வாடி அங்கே வராது. அன்றைக்கே அது முடிந்தது. அந்தப் பன்னிரண்டு சென்ட்டையும் வேலிக்குள் சேர்க்க வேண்டும், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையில் ஆழமாக ஒரு கால்வாய் எடுத்து, ஜல்லி நிரப்பி, குழாய் வைத்து வாயுவை வெளியே விட வேண்டும் என்று பொறியாளரம்மா எழுதினார். அந்த வேலையை நான் கூலி வாங்காமல் செய்கிறேன் என்றேன். "அதைப் பத்தி அப்புறம் பேசலாம். மொதல்ல இங்க வாங்க" என்று தன் ஜீப்பின் பின்பக்கத்தைத் திறந்து, ஊர் வரைபடத்தை விரித்தார். சிவப்புப் பேனா ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"சொல்லுங்கய்யா. வேற எங்கெங்க கொட்டினீங்க?"

சூளைக்கு மண் எடுத்த பள்ளம் அது ஒன்றுதானா? வடக்குப் பக்கம் முழுக்கச் சூளைதான். எல்லாப் பள்ளத்தையும் நிரப்பியவன் நான்தான். அதைச் சொல்லிச் சொல்லித்தானே நாற்பது வருஷம் பெருமை அடித்தேன், இந்த ஊரின் பள்ளத்தையெல்லாம் மேடாக்கியவன் என்று. எந்தப் பள்ளம், எதைப் போட்டு என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. பேனாவை வாங்கினேன். இப்போது வாழைத்தோப்பாக இருக்கும் இடத்தில் ஒரு வட்டம் போட்டேன். லாரி நிறுத்துகிற திடலில் ஒன்று. பிறகு பேனா கொஞ்சம் தெற்கே வந்து ஒரு தெருவுக்கு மேல் நின்றது.

என் வீட்டின் பின்கட்டுச் சுவரில் வருஷா வருஷம் ஒரு விரிசல் விழும். பூசுவேன். அடுத்த வருஷம் அதே இடத்தில் விழும். மூன்று மேஸ்திரிகளை அதற்காகத் திட்டி மாற்றியிருக்கிறேன். மருமகள் சமையலறையில் ஏதோ வாடை வருகிறது என்பாள். சாக்கடையாக இருக்கும் என்பேன்.

வட்டம் போட்டேன்.

பொறியாளரம்மா குனிந்து பார்த்தார். "இங்க வீடு இருக்கேய்யா. யார் வீடு?"

"என் வீடுதான்மா."

அவர் வரைபடத்தை மடிக்கவில்லை. மீட்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஏறுங்க" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மருமகள் சமையலறையில் டீக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு லைட்டரைத் தேடிக்கொண்டிருந்தாள். காலையில் நடந்ததெல்லாம் அதற்குள் அவள் காதுக்கு வந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது.

"அடுப்பு பத்த வைக்காதம்மா" என்றேன்.

"ஏன் மாமா?"

பொறியாளரம்மாதான் சொன்னார்: "அஞ்சு நிமிஷம்க்கா. கொஞ்சம் வெளிய நில்லுங்க."

பின்கட்டு அறையில் விரிசலுக்கு முன்னால் மண்டியிட்டு அவர் குழாயை உள்ளே விட்டார். நான் வாசல்படியில் நின்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீட்டர் அலறவில்லை. நெடுநேரம் சும்மா இருந்தது. பிறகு மெல்ல, கொசு பாடுகிற மாதிரி, விட்டுவிட்டு ஒலித்தது.

"கொஞ்சமாத்தான் இருக்கு. தரை அமுங்கறதாலதான் விரிசல்" என்றார் எழுந்துகொண்டே. "ஆனா இருக்கு. ஜன்னலைச் சாத்தி வைக்காதீங்க. இந்த ரூம்ல யாரும் படுக்க வேணாம். சிலிண்டரை முன்கட்டுக்கு மாத்திடுங்க. கொல்லையில ஒரு குழாய் வைக்கணும்."

அங்கன்வாடியை இந்த வருஷம் தெற்குத் தெருவில் கட்டிக் கொடுத்தேன். என் பாட்டன் காலத்திலிருந்தே மேடாக இருக்கிற நிலம் அது. அங்கே ஐந்து குழி தோண்டிப் பார்த்தோம். எங்கே தோண்டுவது என்று நான் காட்டவில்லை. பொறியாளரம்மா காட்டினார். அம்மாவின் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது.

என் கொல்லையில் இப்போது தலை வளைந்த ஒரு குழாய் நிற்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அது என்ன என்று கேட்கிறார்கள். கேட்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். பின்கட்டு ஜன்னல்கள் ராவும் பகலும் திறந்தேதான் கிடக்கின்றன. மழைச் சாரல் அடிக்கிறது, கொசு வருகிறது. மருமகள் தரையைத் துடைத்துவிட்டுப் போகிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நன்னிலத்துப் பெண் மீட்டரோடு வருகிறார். அவர் விரிசலுக்குள் குழாயை விடும்போதெல்லாம் நான் அதே வாசல்படியில் நிற்கிறேன்.